ரெண்டு எட்டு என்றால் 28-ஆ, 88-ஆ?

"எங்கள் வாடகை வேன் ஆபீஸில் போன் எடுப்பது நான்தான். வெளியூரிலிருந்து கூப்பிடுபவர்களுக்கு டிரைவர் நம்பரை ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. பாதிப் பேர் பட்டன் போன், அதனால் வாட்ஸ்அப்பில் அனுப்பு என்று சொல்லாதீர்கள். நிதானமாகத்தான் சொல்கிறேன், அவர்களும் திருப்பிச் சொல்கிறார்கள், நானும் 'ஆமா' என்கிறேன். அப்படியும் கொஞ்ச நேரத்தில் 'நீங்க குடுத்தது ராங் நம்பர்' என்று திட்டிக்கொண்டு மறுபடி போன் வருகிறது. ரெண்டு ரெண்டாகச் சொல்வதா, டபுள் ட்ரிபிள் போடலாமா, எங்கே தப்பு நடக்கிறது?"

திருப்பிச் சொல்வதில்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். நானும் இதே வேலை பார்த்தவன்தான். மதுரையில் ஒரு பார்சல் லாரி ஆபீஸின் புக்கிங் கவுன்ட்டரில் பல வருஷம் உட்கார்ந்து, சரக்கை வாங்கிக்கொள்ளப் போகிறவரின் நம்பரைக் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறேன். நான் செய்த பெரிய தப்பு ஒன்றைச் சொன்னால் விஷயம் புரிந்துவிடும்.

திருநெல்வேலிக்கு ஒரு ஜவுளி பேல். அனுப்புகிறவர் போனில் நம்பர் சொல்கிறார். நடுவில் "ரெண்டு ஏழு" என்றார். நான் 27 என்று எழுதினேன். முழுசும் எழுதி முடித்து எண்ணிப் பார்த்தேன், பத்து இலக்கம் சரியாக இருந்தது. வழக்கம்போல் திருப்பிச் சொன்னேன். அந்த இடம் வந்ததும் நானும் "ரெண்டு ஏழு" என்றேன், அவரும் "ஆமா, ரெண்டு ஏழு" என்றார். அவர் மனதில் இருந்தது 77. என் பில்லில் இருந்தது 27. இருவரும் ஒரே வார்த்தையைச் சொல்லி, ஒருவரை ஒருவர் சரி என்று ஒப்புக்கொண்டு போனை வைத்துவிட்டோம். திருநெல்வேலி குடோனிலிருந்து கூப்பிட்டபோது யாரோ ஒருவர் எடுத்து "எனக்கு எதுவும் வர வேண்டியதில்லை" என்று வைத்துவிட்டார். பேல் ஆறு நாள் குடோனில் கிடந்தது. அத்தனை நாள் குடோனில் கிடந்ததற்கு டெமரேஜ் கட்டச் சொன்னதும் கடைக்காரர் போட்ட சத்தம் எங்கள் தெரு முழுக்கக் கேட்டது.

இங்கே காது தப்பு செய்யவில்லை, லைனும் தெளிவாகத்தான் இருந்தது. தமிழில் "ரெண்டு ஏழு" என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு: இரண்டும் ஏழும், அல்லது ஏழு இரண்டு தடவை. "மூணு சைபர்" 30-ஆகவும் இருக்கலாம், 000-ஆகவும் இருக்கலாம். "நாலு ஒம்பது" 49 ஆகலாம், வரிசையாக நான்கு ஒன்பதும் ஆகலாம். சொல்கிறவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அவர் எண்ணைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். எழுதுகிறவருக்கும் தெரியாது, ஏனென்றால் முதலில் தோன்றிய அர்த்தத்தை எழுதிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடுகிறார்.

அதிலும் இந்த டபுள் வகைத் தப்பு ரொம்பப் பொல்லாதது. எண்ணிக்கையில்கூடச் சிக்காது. 77 என்றாலும் 27 என்றாலும் இரண்டே இலக்கம்தான், மொத்தம் பத்து சரியாக வந்துவிடும். மூன்று தடவை வருவதை "மூணு அஞ்சு" என்று சொல்லி அவர் 35 என்று எழுதினால் ஒன்று குறையும், அப்போதாவது "ஒம்பதுதானே இருக்கு" என்று கேட்பார். டபுளில் அந்த வாய்ப்பும் இல்லை.

போன் நம்பருக்குள் தன் தப்பைத் தானே காட்டிக்கொடுக்கும் ஏற்பாடும் கிடையாது. ஆதார் எண்ணின் 12 இலக்கத்தில் கடைசி ஒன்று, முந்தைய பதினொன்றையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. ஏடிஎம் கார்டு எண்ணின் கடைசி இலக்கமும் அப்படித்தான். ஒரு இலக்கம் மாறினால் கம்ப்யூட்டர் உடனே "தப்பு" என்று சொல்லிவிடும். கைபேசி எண்ணில் அப்படி எதுவும் இல்லை. 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில் தொடங்கிப் பத்து இலக்கம் இருந்தால் போதும், பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டில் மணி அடிக்கும். அதனால்தான் உங்களிடம் வரும் புகார் "நம்பர் போகவில்லை" என்று இல்லாமல் "ராங் நம்பர்" என்று இருக்கிறது.

சரி, எப்படிச் சொல்வது? இரண்டு இரண்டாகப் பிரிப்பது நல்ல வழிதான். பத்து இலக்கம் ஐந்து ஜோடியாக மீதமில்லாமல் விழுகிறது. நாம் பில்லிலும் போர்டிலும் ஐந்து ஐந்தாக இடைவெளி விட்டு அச்சடிக்கிறோம், கண்ணுக்கு அது சரி. ஆனால் முன்பின் தெரியாதவர் ஒரு கையில் போனும் மறு கையில் பேனாவுமாக நின்று, ஐந்து இலக்கத்தை மனதில் பிடித்துக்கொண்டு எழுதுவது கஷ்டம். நான்காவதை எழுதும்போது ஐந்தாவது நழுவிவிடும். இரண்டு என்றால் கேட்டதுமே கை எழுதிவிடும்.

ஜோடியாகச் சொல்வதிலேயே இரண்டு விதம் இருக்கிறது. "எழுபத்தெட்டு" என்று ஒரே எண்ணாகச் சொல்லலாம், "ஏழு எட்டு" என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு விடலாம். நான் முதல் தடவை சொல்லும்போது எப்போதும் இரண்டாவது விதம்தான். காரணம் "பது". முப்பது, நாப்பது, அம்பது, அறுபது, எழுபது, எம்பது எல்லாமே அதில்தான் முடிகின்றன. வித்தியாசம் முழுக்க முதல் அசையில் இருக்கிறது. போனில் விழுங்கப்படுவதும் அந்த முதல் அசைதான், பேச ஆரம்பிக்கிற அந்தக் கணத்தில் குரல் கொஞ்சம் வெட்டுப்படும். எதிர்முனையில் கேட்பது "...ம்பது" மட்டும். அது அம்பதா, எம்பதா?

இந்தக் கூட்டத்தில் போய் ஒன்பதும் நிற்கிறது. ஒற்றை இலக்கமாக இருந்துகொண்டு, பத்துகளின் சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறது. பழைய தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்று ஒரு சொல் இருந்தது. அது நிலைத்திருந்தால் நமக்குப் பாதி வேலை மிச்சம். இப்போது பேச்சில் "ஒம்பது", "அம்பது" இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு உயிரெழுத்து. லாரி ஸ்டாண்டிலிருந்தோ பஸ்ஸுக்குள்ளிருந்தோ ஒருவர் பேசினால் 9-க்குப் பதில் 50, 50-க்குப் பதில் 9 என்று எழுதுவது சர்வசாதாரணம். நல்லவேளையாக, இது இலக்க எண்ணிக்கையில் மாட்டிக்கொள்ளும், பத்துக்குப் பதில் ஒன்பதோ பதினொன்றோ வரும்.

ஆங்கிலத்துக்கு மாறினால் தப்பிக்கலாமா என்றால், அங்கே வேறு பள்ளம் இருக்கிறது. ஃபைவ், நைன் இரண்டிலும் நடுவில் இருக்கும் உயிர் ஒலி ஒன்றேதான். முதலில் வரும் ஃப் என்பது வெறும் காற்றொலி. சாதாரண போன் லைன் ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் குரலைக் கடத்தும். ஃப், ஸ் போன்ற காற்றொலிகளின் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால் வழியிலேயே உதிர்ந்துவிடும். விமானிகளுக்கும் இதே தொல்லை இருந்ததால்தான் ரேடியோவில் ஒன்பதை "நைனர்" என்றும் ஐந்தை "ஃபைஃப்" என்றும் சொல்ல விதி வைத்திருக்கிறார்கள். நாம் வேன் ஆபீஸில் உட்கார்ந்து நைனர் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் நம்மிடம் அதைவிட நல்ல வசதி இருக்கிறது, இரண்டு மொழி. "நைன்" புரியவில்லையா, "ஒம்பது" என்று மாற்றிச் சொல்லலாம். "ஒம்பது" குழப்புகிறதா, "நைன்" என்று சொல்லலாம். ஃபைவ்-நைன் குழப்பம் தமிழில் இல்லை: அஞ்சும் ஒம்பதும் ஒட்டவே ஒட்டாது. ஒம்பது-அம்பது குழப்பம் ஆங்கிலத்தில் இல்லை. ஆறு-ஏழு தமிழில் கொஞ்சம் நெருக்கம், சிக்ஸ்-செவன் அவ்வளவு இல்லை. அதனால் முழு எண்ணையும் ஒரே மொழியில் சொல்லுங்கள், அது எதிரில் இருப்பவர் பேசுகிற மொழியாக இருக்கட்டும். இரண்டாவது மொழியைச் சந்தேகம் வந்த இடத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலிலிருந்தே "நைன் எட்டு ஃபோர் ரெண்டு" என்று கலந்து சொன்னால் கேட்கிறவருக்கு ஒவ்வொன்றுக்கும் மொழி மாற்றிக்கொண்டிருக்கவே நேரம் போதாது.

சைபரைப் பற்றி ஒரு வார்த்தை. பூஜ்யம், சைபர், ஜீரோ எதுவும் பரவாயில்லை. "ஓ" மட்டும் வேண்டாம். தமிழ்க்காரருக்கு "ஓ" என்பது "அப்படியா" என்று கேட்டுக்கொள்வது. இல்லாவிட்டால் ஒண்ணுவின் தொடக்கம், ஒம்பதின் தொடக்கம். காத்துக்கொண்டே இருப்பார்.

இனி ஒரு எண்ணை எடுத்து நடத்திப் பார்ப்போம். யாருடைய போனும் அடித்துவிடக் கூடாது என்பதால் முதல் ஜோடியை மறைத்து, மீதி எட்டு இலக்கத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன்: ×× 88 55 50 09. வேண்டுமென்றே வம்பான எண்ணாகத்தான் எடுத்திருக்கிறேன்.

இதைப் பெரும்பாலானவர்கள் எப்படிச் சொல்வார்கள்? "ரெண்டு எட்டு, மூணு அஞ்சு, ரெண்டு சைபர், ஒம்பது." கேட்கிறவர் அப்படியே எழுதினால் 28 35 20 9. எட்டு இலக்கம் ஏழாகிவிட்டது, அதில் பாதி தப்பு. கொஞ்சம் நாகரிகமாக, "டபுள் எட்டு, ட்ரிபிள் அஞ்சு, டபுள் சைபர், ஒம்பது" என்றும் சொல்லலாம். இதில் அர்த்தக் குழப்பம் இல்லை, ஆனால் அவர் கையைப் பாருங்கள். இரண்டு இரண்டாக எழுதிக்கொண்டு வந்தவர் 88 எழுதினார், 55 எழுதினார், இன்னொரு 5 தொங்கிக்கொண்டிருக்கிறது, அதை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போது நீங்கள் டபுள் சைபரைத் தாண்டிவிட்டீர்கள். டபுள் என்ற சொல் காதில் விழாமல் போனால் ஒரு இலக்கமும் போய்விடும். ட்ரிபிளை டபுள் என்று கேட்டாலும் அப்படியே. பேன்சி நம்பர் வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் கடைசி நான்கை "ஐயாயிரத்து ஒம்பது" என்பார்கள். அது 5009-ஆ, 5000-க்குப் பிறகு ஒரு 9-ஆ என்பதை எழுதுகிறவர் விதிக்கு விட்டுவிட வேண்டியதுதான்.

நான் சொல்வது இப்படி இருக்கும். முதலில் "பேனா எடுத்துட்டீங்களா? பத்து நம்பர், ரெண்டு ரெண்டா சொல்றேன், ஒவ்வொண்ணுக்கும் ம் சொல்லுங்க." இந்த ஒரு வரியைப் பலர் வீண் என்று நினைப்பார்கள். ஆனால் இதற்குப் பிறகு அவருக்கு ஒவ்வொரு தடவையும் இரண்டு இலக்கம் வரும் என்று தெரியும். அப்போதுதான் "எட்டு எட்டு" என்று சொன்னால், நான் எட்டை அழுத்திச் சொல்வதற்காக இரண்டு தடவை சொன்னேன் என்று நினைக்காமல் 88 என்று எழுதுவார். ஜோடி என்று முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அந்த இரண்டாவது எட்டு காணாமல் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அப்புறம்: "எட்டு எட்டு." ம். "அஞ்சு அஞ்சு." ம். "அஞ்சு சைபர்." ம். "சைபர் ஒம்பது. அவ்வளவுதான்." ட்ரிபிள் எங்கே போனது? ஜோடிகளுக்குள் கரைந்துவிட்டது. மூன்று ஐந்தில் இரண்டு ஒரு ஜோடியிலும், மூன்றாவது அடுத்த ஜோடியின் தலையிலும் உட்கார்ந்துவிட்டன. டபுள் சைபரும் அப்படியே இரண்டாகப் பிரிந்துவிட்டது. இதுதான் என் கட்டுப்பாடு: ஜோடியின் எல்லையைத் தாண்டும் டபுள், ட்ரிபிள் எதுவும் கிடையாது. ஜோடிக்குள்ளேயே அடங்கிவிடும் 88-ஐ "டபுள் எட்டு" என்று சொன்னால் பாதகமில்லை, பழக்கம் விடாதவர்கள் அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். "ரெண்டு எட்டு" மட்டும் எந்த நாளும் கூடாது. அப்படிச் சொல்லியே தீர வேண்டும் என்றால் "எட்டு ரெண்டு தடவை" என்று திருப்பிப் போடுங்கள், குழப்பம் தீர்ந்தது.

இன்னொன்று, அவர் கேட்காமல் நீங்களாக எந்த ஜோடியையும் இரண்டாம் தடவை சொல்லாதீர்கள். "அஞ்சு சைபர்... அஞ்சு சைபர்" என்றால் அவர் 50 50 என்று எழுதுவார். திரும்பச் சொல்ல வேண்டி வந்தால் "மறுபடி சொல்றேன்" என்று முன்னால் ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள்.

ம் சொல்வதை வைத்து அவர் எழுதுகிற வேகம் உங்களுக்குத் தெரிந்துவிடும். வயசானவர்களுக்கு அந்த ம் வர மூன்று நான்கு விநாடி ஆகும், அதுவரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நிதானமாகச் சொல்கிறேன் என்கிறீர்கள். நிதானம் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். பலர் ஒவ்வொரு இலக்கத்தையும் இழுத்து இழுத்துச் சொல்வார்கள், "எ...ட்...டு" என்று. இழுத்தால் தெளிவு கூடாது, சொல்லின் வடிவம்தான் கெடும். இலக்கத்தைச் சாதாரண வேகத்தில் சொல்லுங்கள், ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவில் நேரம் கொடுங்கள்.

இப்போது திருப்பிச் சொல்லும் கட்டம். உங்களுக்குச் சிக்கல் இங்கேதான் என்று முதலிலேயே சொன்னேன். அவர் ஒவ்வொரு ஜோடியையும் உடனுக்குடன் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாரானால், அது காது சோதனை மட்டும்தான். கை என்ன எழுதியது என்று அதில் தெரியாது. எழுதாமலேயே திருப்பிச் சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு ஞாபகத்திலிருந்து எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும். அதனால் பத்தும் முடிந்த பிறகு, "எழுதினதைப் பார்த்துப் படிங்க" என்று கேளுங்கள். "திருப்பிச் சொல்லுங்க" என்றால் ஞாபகத்திலிருந்து சொல்வார். "பார்த்துப் படிங்க" என்றால் பேப்பரைப் பார்ப்பார்.

அவர் படிக்கும்போது வார்த்தையும் மாற வேண்டும். நான் "ரெண்டு ஏழு" என்று கேட்டு "ரெண்டு ஏழு" என்றே திருப்பிச் சொன்னதால்தானே அந்த பேல் ஆறு நாள் குடோனில் கிடந்தது. நான் "இருபத்தேழுதானே?" என்று கேட்டிருந்தால் அவர் பதறிப்போய் "இல்ல இல்ல, எழுபத்தேழு" என்றிருப்பார். அந்த நாளுக்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது: தனித்தனி இலக்கமாகக் கொடுத்ததை எண்ணாகப் படிக்க வேண்டும், எண்ணாகக் கொடுத்ததைத் தனித்தனி இலக்கமாகப் படிக்க வேண்டும். நீங்கள் "எட்டு எட்டு, அஞ்சு அஞ்சு, அஞ்சு சைபர்" என்று சொன்னீர்கள். அவர் "எம்பத்தெட்டு, அம்பத்தஞ்சு, அம்பது, சைபர் ஒம்பது" என்று படித்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. 88-ஐ 8 என்று மட்டும் எழுதியிருந்தால் "எம்பத்தெட்டு" வராது, "எம்பத்தஞ்சு" என்று வேறு எண் வந்து நிற்கும்.

முதலில் பதுவை அவ்வளவு திட்டிவிட்டு இப்போது அதையே படிக்கச் சொல்கிறேனே என்றால், இப்போது நிலைமை வேறு. முதல் தடவை அவர் எதுவும் தெரியாமல் கேட்கிறார். இரண்டாம் தடவை நீங்கள் கையில் எண்ணை வைத்துக்கொண்டு, அம்பது வர வேண்டும் என்று தெரிந்தே கேட்கிறீர்கள். அரைகுறையாகக் காதில் விழுந்தால் "அஞ்சு சைபர்தானே எழுதியிருக்கீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். தவிர, தமிழில் ஜோடியை எண்ணாகச் சொல்வதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் "செவன்ட்டி எயிட்" என்றால் 78-ஆ, 70-ம் அதற்கு அடுத்து ஒரு 8-ஆ என்பது இடைவெளியைப் பொறுத்தது. தமிழில் பின்னால் இலக்கம் வருவதாக இருந்தால் "எழுபத்தி" என்று சொல்லே வளைந்துவிடும். "எழுபது" என்று முழுசாக முடிந்தால் அங்கே சைபர்தான். எத்தனை நேரம் நிறுத்திச் சொன்னாலும் இது மாறாது.

வார்த்தை மாறலாம், ஆனால் பிரிக்கிற இடம் மாறக் கூடாது. நீங்கள் ஜோடி ஜோடியாகச் சொன்னதை அவர் மூன்று, மூன்று, நான்காகவோ "டபுள் எட்டு ட்ரிபிள் அஞ்சு" என்றோ தன் பாணியில் படித்தால், உங்களால் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. பாதியில் கணக்கு விட்டுப்போய், சும்மா "ஆமா ஆமா" என்று சொல்லிவிடுவீர்கள். அந்த அலுத்துப்போன ஆமாவில்தான் நிறைய ராங் நம்பர் பிறக்கிறது. நான் என்ன செய்வேன் என்றால், எண்ணை என் முன்னால் வைத்து, அவர் ஒரு ஜோடி படிக்கும்போது பென்சில் நுனியை அந்த ஜோடியின் மேல் வைப்பேன். பொருந்தினால்தான் பென்சில் அடுத்ததற்கு நகரும். ஞாபகத்தில் இருக்கும் நம்பரானாலும் எழுதி வைத்துக்கொண்டுதான் செய்வேன். தலைகீழாகத் தெரிந்த எண்ணைத்தான் நாம் சரியாகக் கேட்பதே இல்லை.

தப்பு கண்டால் திருத்துவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. "ஆறு இல்லீங்க, ஏழு" என்று சொல்வது நம் இயல்பு. ஆனால் லைனில் முதலில் போய்ச் சேர்வது ஆறுதான், "இல்லீங்க" கரகரப்பில் போய்விட்டால் அவர் தன் ஆறு உறுதியாகிவிட்டது என்று நினைப்பார். தப்பான இலக்கத்தை நீங்கள் வாயால் சொல்லவே சொல்லாதீர்கள். "மூணாவது ஜோடி மட்டும் அடிச்சிட்டு மறுபடி எழுதுங்க. ஏழு அஞ்சு" என்று இடத்தைச் சொல்லி, சரியானதை மட்டும் சொல்லுங்கள். அப்போதும் ஏழு விழவில்லை என்றால் "அஞ்சு, ஆறு, ஏழு... அந்த ஏழு" என்று எண்ணிக்கொண்டு போய் நிற்கலாம், நம் ஊரில் எல்லோருக்கும் இது புரியும். அல்லது அந்த ஒரு இலக்கத்துக்கு மட்டும் "செவன்". முழு நம்பரையும் முதலிலிருந்து தொடங்காதீர்கள். சரியாக எழுதியிருந்த நான்கு ஜோடிக்கும் புதிதாகத் தப்பு நுழைய வழி திறந்துவிடுகிறீர்கள்.

லேண்ட்லைன் கேட்டால் ஜோடிக் கணக்கு அப்படியே செல்லாது. சென்னை என்றால் 044 தனி, மீதி எட்டு இலக்கம் நான்கு ஜோடியாக வந்துவிடும். கோயம்புத்தூருக்கு 0422 போக ஏழு இலக்கம், ஒன்று தொங்கும். அங்கே முதல் மூன்றை ஒரு கட்டாகச் சொல்லிவிட்டு மீதியை இரண்டு ஜோடியாக்குங்கள். எப்படிப் பிரிக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டால் சரி. கைபேசி எண்ணுக்கு முன்னால் +91 சொல்லவே வேண்டாம், எண்ணிப் பார்க்கிறவருக்குப் பன்னிரண்டு வந்து குழம்பும். இலங்கையிலிருந்து கூப்பிடும் வாடிக்கையாளர் தன் எண்ணைச் சொன்னால் 077 மாதிரி மூன்று, அப்புறம் மூன்று, அப்புறம் நான்கு என்று வரும். அவரை நம் ஜோடிக்கு இழுக்காதீர்கள், அவர் பிரிக்கிறபடியே எழுதி, அவர் பிரித்தபடியே படித்துக் காட்டுங்கள்.

சொந்த நம்பர் என்றால் கடைசியில் "ஒரு மிஸ்டு கால் குடுங்க" என்று சொல்லி முடித்துவிடலாம், அதைவிட நிச்சயமான சோதனை கிடையாது. நீங்கள் கொடுப்பது டிரைவர் நம்பர், அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார் என்பதால் அது சரிவராது. அதற்குப் பதிலாக நான் எங்கள் கவுன்ட்டரில் செய்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். அடிக்கடி சொல்ல வேண்டிய ஏழெட்டு நம்பரை ஒரு அட்டையில் ஜோடி ஜோடியாக, நடுவில் நல்ல இடைவெளி விட்டு, பெரிதாக எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். ஐந்து ஐந்தாக அச்சடித்த விசிட்டிங் கார்டைப் பார்த்துக்கொண்டு இரண்டு இரண்டாகச் சொல்வது இருக்கிறதே, ஐந்தாவதும் ஆறாவதும் சேர்ந்த ஜோடி எப்போதும் அந்த இடைவெளியில் தடுக்கி விழும். என் வாயே அந்த இடத்தில்தான் அதிகம் குழறியது என்று அட்டை ஒட்டிய பிறகுதான் கண்டுபிடித்தேன். உங்கள் டிரைவர் நம்பர்களையும் அப்படி எழுதி, எதிலெல்லாம் ஒரே இலக்கம் ஜோடி தாண்டி ஓடுகிறதோ அதன் அடியில் சிவப்பில் ஒரு கோடு போட்டு வையுங்கள். இதுவரை திட்டு வாங்கித் தந்த நம்பர்கள் பெரும்பாலும் அவையாகத்தான் இருக்கும்.